மலையிலிருந்து பார்த்தால் வாணம் கடுகளவு

தீபாவளி முடிந்த மறுநாள் அக்கா மகன் ஒரு படத்தை அனுப்பியிருந்தான். ஏற்காட்டில் லேடீஸ் சீட் முனையிலிருந்து இரவில் எடுத்த சேலம் நகரம். கீழே சமவெளி முழுக்க விளக்குகள், தூரத்தில் மங்கலான தொடுவானம், அதற்கு மேலே கறுப்பு வானத்தில் தாமரை போல விரிந்த மூன்று வாணங்கள். நகரம் ஒரு படம், வாணங்கள் வேறு படங்கள், கணினியில் ஒட்டியது என்று அவனே எழுதியிருந்தான். ஒட்டு வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்தது.

"விளிம்புகூடத் தெரியவில்லையே மாமா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

விளிம்பு தெரியாததற்குக் காரணம் அவன் பயன்படுத்திய ஸ்க்ரீன் என்னும் கலப்பு முறை. அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். படம் எங்கே பொய் சொல்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருள்களில் ஒரு படத்தின்மேல் இன்னொன்றை அடுக்கும்போது, மேலடுக்கு கீழடுக்கோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். சாதாரண முறையில் மேலடுக்கு கீழே இருப்பதை மறைத்துவிடும். வாணத்தோடு அதைச் சுற்றியுள்ள கறுப்பும் வந்து நகரத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஸ்க்ரீன் முறை மறைப்பதில்லை, வெளிச்சத்தைச் சேர்க்க மட்டுமே செய்யும். கறுப்பை 0, வெள்ளையை 1 என்று வைத்துக்கொண்டால் அதன் கணக்கு இவ்வளவுதான்:

```
c = 1 - (1 - a) * (1 - b)
```

a என்பது நகரம், b என்பது வாணம். இந்தக் கணக்கை நான் 'மீதத்தில் பங்கு' என்றுதான் மனத்தில் வைத்திருக்கிறேன். ஒரு தெருவிளக்கின் பிரகாசம் 0.7 என்றால், வெள்ளையை எட்ட அதற்கு இன்னும் 0.3 மீதம் இருக்கிறது. அதன்மேல் 0.6 பிரகாசமுள்ள வாணக்கோடு ஒன்று விழுகிறது. அந்தக் கோடு 0.6-ஐ அப்படியே கூட்டுவதில்லை, மீதமுள்ள 0.3-இல் பத்தில் ஆறு பங்கை, அதாவது 0.18-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. விடை 0.88. நேராகக் கூட்டியிருந்தால் 1.3 வந்து வெள்ளையில் முட்டி, விளக்கும் வாணமும் ஒரே வெண்திட்டாகியிருக்கும். அதே கோடு 0.1 அளவே உள்ள இருட்டின்மேல் விழுந்தால் 0.64 ஆகிறது, இருட்டில் ஏறத்தாழ முழுப் பலத்தோடு தெரிகிறது, வெளிச்சத்தில் அடங்கிப்போகிறது. வாணப்படத்தின் கறுப்பு 0 என்பதால் அது எடுக்கும் பங்கும் 0. அதனால்தான் கத்தரிக்கோல் இல்லாமலேயே கறுப்புப் பின்னணி மறைந்துவிடுகிறது.

பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே தாளில் பிரிண்ட் போட்டால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நெகட்டிவில் இரவு வானம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். வாணக்கோடு கறுப்பாக இருக்கும். தெளிவான இடம் ஒளியை விட்டுவிடும், கறுத்த இடம் தடுக்கும். ஊடுருவும் ஒளி ஒன்றால் ஒன்று பெருக்கப்படுகிறது. தாளில் அது தலைகீழாகிறது. மேலே உள்ள கணக்கில் மூன்று கழித்தலும் ஒரு பெருக்கலும் இருப்பது அதனால்தான்.

ஆனால் படத்தில் இருக்கும் கறுப்பு உண்மையில் கறுப்பல்ல. இந்த முறையில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஊருக்குள் மாடியில் நின்று எடுத்த வாணப்படத்தில் வானத்தின் அளவு, மென்பொருளில் வெள்ளையை 255 என்று எண்ணும் கணக்கில் 12 என்று இருக்கும்: தெருவிளக்கின் பிரதிபலிப்பு, முந்தைய வெடிகளின் புகை. கண்ணுக்கு அது கறுப்புதான். நகரப் படத்தில் இருட்டு 20 என்றால், ஸ்க்ரீன் போட்டதும் அந்த இடம் 31 ஆகிவிடும். ஒட்டிய படத்தின் எல்லைக்கு வெளியே 20, உள்ளே 31. நடுவில் ஒரு நேர்கோடு. செல்பேசியில் தெரியாத அந்தக் கட்டம், நல்ல திரையிலோ பிரிண்டிலோ சவரம் செய்த தாடை மாதிரித் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா அடுக்குகளுக்கும் மேலே தற்காலிகமாக, வெளிச்ச அளவுகளை மாற்றும் ஒரு லெவல்ஸ் அடுக்கைப் போட்டு, எந்த அளவு முழு வெள்ளையாக வேண்டும் என்று சொல்லும் வெள்ளைப் புள்ளியை 255-இலிருந்து 60-க்கு இழுங்கள். படம் வெளிறிப்போகும்; போகட்டும். ஒளிந்திருந்த கட்டங்களும் புகைத் திட்டுகளும் வெளியே வந்துவிடும். பிறகு வாணத்துக்கு மட்டும் தனி லெவல்ஸ் போட்டு, கறுப்புப் புள்ளியை 15, 20 வரை ஏற்றினால் கட்டம் கரைந்துவிடும். கூடவே மெல்லிய வால்பொறிகளும் கொஞ்சம் சாகும், அதற்கு மாற்று இல்லை. ஒருபக்கமாகத் திரண்ட புகை இதற்கும் அடங்காது. அடுக்கின் எந்தப் பகுதி தெரியலாம் என்று குறிக்கும் மறைப்பில், மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். சோதனை அடுக்கை நீக்க மறக்கக்கூடாது. நான் ஒருமுறை மறந்து, வெளிறிய படத்தையே அனுப்பிவைத்திருக்கிறேன்.

அக்கா மகன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தான். அவன் தவறியது அளவில்.

அவன் நகரத்தை எடுத்தது முழுச்சட்ட கேமராவில், 50 மில்லிமீட்டர் லென்ஸில். சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். படத்தின் அகலம் 6,000 பிக்சல். முனையிலிருந்து நகரத்தின் விளக்குக் கூட்டம் சுமார் 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை எவ்வளவு நிலம் அடங்கும்? 36-ஐ 50-ஆல் வகுத்து 10 கிலோமீட்டரால் பெருக்கினால் 7.2 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு பிக்சல் என்பது 1.2 மீட்டர்.

அவன் ஒட்டிய வாணத்தின் விட்டம் 1,500 பிக்சல். அதாவது 1,800 மீட்டர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாம் ஏறிவரும் மலையின் உயரத்தைவிடப் பெரிய வாணம் அது. நன்றாக விரியும் ஒரு வாணவெடிக்கு 60 மீட்டர் விட்டம் தாராளம். கடையில் வாங்கி மொட்டைமாடியில் கொளுத்துவது இன்னும் சிறியது. 60 மீட்டர் என்றால் அவன் படத்தில் வெறும் 50 பிக்சல்.

விட்டம் மட்டும் தவறு என்றால் சுருக்கிவிட்டுப் போகலாம். இடமும் தவறு. ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் அளவு. முனையில் நிற்பவன் நகரத்தைவிட 1,100 மீட்டர் மேலே நிற்கிறான் என்று கொள்வோம். நகரம் அவனுக்குக் கீழே கிடக்கிறது. தொடுவானம் நகரத்துக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. நகரத்தின் நடுவில் கொளுத்திய வாணம் அவன் கண்ணில் தொடுவானத்தைத் தொட வேண்டுமானால், பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், 900 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நம் வாணங்கள் நூறு மீட்டரை எட்டினால் பெரிது. ஆகவே அங்கிருந்து பார்த்தால் வாணம் வானத்தில் பூப்பதே இல்லை. விளக்குகளுக்கு நடுவே, தாளிக்கும் வாணலியில் கடுகு வெடிப்பது போலத்தான் தெரியும். தீபாவளி இரவில் அங்கே நின்றவர்களுக்கு இது தெரியும். படத்தை ஒட்டும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது.

"ஐம்பது பிக்சலில் என்ன தெரியும் மாமா? ஒட்டாமலேயே இருக்கலாமே" என்றான். நியாயமான கேள்வி. அந்தப் படத்துக்கு அதுதான் விடையும்.

நல்லவேளையாக, அதே இரவில் முக்காலியில் வைத்து 200 மில்லிமீட்டர் லென்ஸிலும் ஒரு படம் எடுத்திருந்தான். அதில் அடங்குவது 1.8 கிலோமீட்டர் அகலம். ஒரு பிக்சல் 0.3 மீட்டர். இப்போது 60 மீட்டர் வாணம் 200 பிக்சல். கட்டடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய அளவு. சட்டத்துக்குள் வானமே இல்லை, விளக்குகள் மட்டும். ஸ்க்ரீன் கணக்கு பயன்படும் இடமும் இதுதான்: ஒவ்வொரு வாணமும் விளக்குகளின்மேல் விழுகிறது, கோடுகளுக்கு ஊடே தெருக்கள் தெரிய வேண்டும்.

வாணத்தை 1,500 பிக்சலிலிருந்து 200-க்குச் சுருக்கியதும் அது மங்கிப்போனது. ஆறு பிக்சல் தடிமனாக இருந்த கோடு ஒரு பிக்சலுக்கும் குறைவாகிப் பக்கத்துக் கறுப்போடு கலந்துவிடுகிறது. நடு மொட்டு மட்டும் பிரகாசமாக நிற்கிறது, இதழ்கள் சாம்பலாகின்றன. எனவே முதலில் சுருக்க வேண்டும், பிறகுதான் லெவல்ஸில் வெள்ளைப் புள்ளியை 150 அளவுக்கு இறக்கி இதழ்களை மீட்க வேண்டும். வரிசையை மாற்றினால் இதழ்களுக்காக இரண்டாவது முறை ஏற்றவேண்டி வரும்; நடு மொட்டு அதில் வெந்துவிடும்.

அடுத்தது இடையில் உள்ள காற்று. பத்துக் கிலோமீட்டர் காற்றும், அன்றைய இரவின் புகையும் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். ஊருக்குள் எடுத்த நீல வாணத்தை அப்படியே ஒட்டினால் அது கண்ணாடிமேல் ஒட்டிய ஸ்டிக்கராகத் தெரியும். நீலத்தையும் ஊதாவையும் தவிர்த்துப் பொன்னிறத்தையும் சிவப்பையும் தேர்ந்தெடுத்தோம். அடுக்கின் அடர்த்தியை 70 சதவீதமாக்கி, பக்கத்துத் தெருவிளக்குகளின் மங்கலோடு ஒப்பிட்டுக்கொண்டோம். மங்கிய விளக்குகளுக்கு நடுவே வாணம் மட்டும் கூர்மையாக இருக்கக்கூடாது. அரைப் பிக்சல் மங்கல் போதுமானதாக இருந்தது.

கடைசியில் ஒரு மரக்கிளை தொல்லை கொடுத்தது. முனையின் ஓரத்து மரம் ஒன்று படத்தின் வலது பக்கம் கரிய நிழலாக நுழைந்திருந்தது. அதன்மேல் விழுந்த வாணம், கிளைக்குள்ளேயே விளக்கு ஏற்றியது போல ஒளிர்ந்தது. ஸ்க்ரீனுக்கு முன், பின் தெரியாது. கிளையின் கறுப்பும் பின்னால் உள்ள இருட்டின் கறுப்பும் அதற்கு ஒன்றுதான். எது எதை மறைக்கிறது என்பதை நாம்தான் மறைப்பில் இலை இலையாக வரைந்து சொல்ல வேண்டும். அரைமணி நேரம் வரைந்துவிட்டு, வாணத்தை இடதுபக்கம் நகர்த்திவைத்தான்.

ஒன்பது வாணங்கள் வைத்தவன், எண்ணிப் பார்த்து நான்கை எடுத்துவிட்டான். நகரப் படம் 10 விநாடி திறப்பில் எடுத்தது. அந்த அகலத்துக்குள் பத்து விநாடியில் ஐந்து வாணம் என்பதே மாலை 7 முதல் 8 வரையான அனுமதி நேரத்தில்தான் நம்பும்படி இருக்கும். நல்லவேளை, படம் எடுத்தது 7.40-க்கு. வெடிச் சத்தம் மேலே கேட்டதா என்று கேட்டேன். "வாணம் அணைந்து அரை நிமிடம் கழித்து ஏதோ முனகலாக வந்தது மாமா, எந்த வாணத்தினுடையது என்றே தெரியவில்லை" என்றான். பத்துக் கிலோமீட்டருக்கு அது சரியான கணக்குதான்.