உமிக்கரியும் பேஸ்ட்டும்: பல் எங்கே தேய்கிறது?

"உமிக்கரி போட்டா எனாமல் தேஞ்சிடுமா டாக்டர்?" என்று கேட்பவர்களிடம், முதலில் கன்னத்தை விலக்கி ஈறோரத்தைக் காட்டச் சொல்வேன். தேய்மானம் அதிகம் தெரிவது அங்கேதான்.

அண்மையில் வந்தவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பச்சைத் தண்ணீர் பட்டாலே இடப்பக்கம் கூசுகிறது என்றார். சொத்தை எதுவும் இல்லை. ஆனால் கோரைப்பல்லிலும் அதை ஒட்டிய இரண்டு பற்களிலும், ஈறு ஏறியிருந்த இடத்தில் கோடரியால் கொத்தியதுபோல் பள்ளம். கருவியின் முனையை மேலிருந்து கீழே இழுத்தால் அதில் மாட்டி நின்றது. வலப்பக்கம் பள்ளம் ஆழமில்லை. வலக்கைக்காரர்கள் இடப்பக்கத்தை அழுத்தித் தேய்ப்பது வழக்கம். விசாரித்தால், ஹார்டு பிரஷ்ஷை நனைத்து உமிக்கரியில் தொட்டு, குறுக்குவாட்டில் தேய்க்கிறாராம், பல வருடமாக.

நெல் உமியில் சிலிக்கா நிறைய உண்டு. எரித்தாலும் அது போகாது. செங்கல் பொடியில் இருக்கும் மணல் இன்னும் மோசம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் எனாமல் சுமார் 5, மணலின் குவார்ட்ஸ் 7. அது எனாமலையே கீறும். ஈறு ஏறினால் வெளியே வரும் வேர்ப்பகுதியில் எனாமலே கிடையாது. உள்ளே உள்ள டென்டின் எனாமலைவிட மிகவும் மென்மையானது, அதனால் அங்கே சீக்கிரம் குழி விழுகிறது.

பேஸ்ட்டிலும் தேய்க்கும் தூள் உண்டு. ஆனால் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது நுண்ணிய சிலிக்கா. அதுவும் நீரும் கிளிசரினும் கலந்த குழைவில் இருக்கும். டென்டினை எவ்வளவு தேய்க்கிறது என்பதற்கு RDA என்றொரு அளவு உண்டு. சர்வதேசத் தரம் அனுமதிக்கும் உச்சம் 250. வீட்டுப் பொடிக்கு அப்படி எந்தச் சோதனையும் இல்லை. அதற்காக எல்லா பேஸ்ட்டும் சாது என்று எண்ண வேண்டாம். 'வெண்மையாக்கும்' என்று விற்கப்படுபவற்றில் சில கொஞ்சம் முரடானவை.

"ஆனா பல்லு வெள்ளையா இருக்கே?" என்றார் அவர். கறை போவது உண்மைதான். ஆனால் எனாமல் மெலிய மெலிய உள்ளே உள்ள மஞ்சள் டென்டின் தெரியத் தொடங்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

அவருடைய பள்ளங்களைப் பல்நிறச் சிமென்ட்டால் அடைத்தேன். சாஃப்ட் பிரஷ்ஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் போடச் சொல்லி, குறுக்காக இழுக்காமல் ஈறிலிருந்து பல்நுனிக்குச் சுருட்டித் தேய்க்கவும் காட்டிக் கொடுத்தேன். மறுபடி குறுக்கே தேய்த்தால் அடைத்ததும் விளிம்பில் பெயர்ந்துவிடும்.

பொடியை விட மனமில்லாதவர்கள் ஒரு சிட்டிகையை நனைத்து, பழைய கண்ணாடித் துண்டில் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது எனாமலையும் கீறும். கண்ணாடி அதைவிடச் சற்றுக் கடினம். விழாவிட்டாலும் டென்டினுக்குப் பத்திரம் என்று சொல்ல முடியாது. ஈறு ஏறியவர்கள் அந்தப் பொடியை வாய்க்குக் கொண்டுபோகவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு, புளிப்பு, குளிர்பானம் எது எடுத்தாலும் அரை மணி நேரமாவது கழித்தே தேய்க்க வேண்டும். அமிலத்தில் மெத்தென்று ஆன எனாமலை பேஸ்ட்டும் தேய்த்துவிடும்.