பெயர்களை விரலால் எழுதும்போது: கைப்பேசியில் தமிழ்க் கையெழுத்து உள்ளீடு

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகைதான் பலருக்குப் பழக்கம். அன்றாடச் செய்திகளுக்கு அது போதும். ஆட்களின் பெயரை உள்ளிடும்போதுதான் அதன் குறை தெரியும். ஆங்கிலத்தில் ஒரே ஒரு l இருக்கிறது. நமக்கு ல, ள, ழ என மூன்று. ஒரே n-இலிருந்து ந, ன, ண மூன்றும் வரவேண்டும். எது வேண்டும் என்பதை விசைப்பலகை ஊகிக்கிறது. ஊகம் தவறினால் கோமளவல்லி, கோமலவல்லி ஆகிவிடுவார். விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறினாலும் பிறகு தேடும்போது அந்தப் பெயர் அகப்படாது.

தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 தளவமைப்பு தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தெரியாதவர்களுக்கு, சில சொற்களே உள்ள உள்ளீட்டில், கையெழுத்துதான் நல்ல வழி. ள வேண்டுமென்றால் ள எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். நீண்ட கடிதம், எண்கள், மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலம் கலந்த வாக்கியம் ஆகியவற்றுக்கு இது ஏற்றதல்ல. அங்கே விசைப்பலகையே வேகம்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் Gboard விசைப்பலகை இருந்தால் அதன் அமைப்புகளில் Languages, அதற்குள் Add keyboard, அங்கே Tamil தேர்ந்தெடுங்கள். வரும் தளவமைப்புகளில் Handwriting என்பதைக் குறியிட்டு Done அழுத்துங்கள். அதன்பின் பூகோள விசையைத் தட்டி விசைப்பலகைக்கும் எழுதும் பலகைக்கும் மாறி மாறிப் போகலாம். Preferences பகுதியில் Keyboard height என்பதைக் கூட்டிவைத்தால் எழுத இடம் தாராளமாகக் கிடைக்கும். நீளமான பெயருக்குக் கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவி நீங்கள் எழுதியதை ஒரு படமாகப் பார்ப்பதில்லை. விரல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் வளைந்தது, எப்போது எடுத்தீர்கள் என்ற வரிசையைப் படிக்கிறது. அதோடு மொழியில் எந்தச் சொல் அதிகம் வரும் என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் விளங்கிவிடும். 'வருகிறேன்' என்று கோணலாகக் கிறுக்கினாலும் சரியாக வரும், ஏனென்றால் அது பழகிய சொல். அரிய பெயரை முத்து முத்தாக எழுதினாலும் அதற்கு நெருக்கமான வேறொரு பழகிய சொல் வந்து உட்காரலாம். கையெழுத்து மோசம் என்று நினைத்துப் பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தில் குற்றமில்லை.

அதனால் சாதாரணச் சொல்லை முழுதாக, நிறுத்தாமல் எழுதுங்கள். சொல்லின் சூழல் உங்களுக்குத் துணை நிற்கும். பெயரை முதலில் முழுதாக எழுதிப் பாருங்கள், தவறினால் துண்டாக்குங்கள். துண்டு சிறிதாகச் சிறிதாகச் சொல் ஊகத்துக்கு இடம் குறைந்து, நீங்கள் போட்ட வடிவமே முடிவைத் தீர்மானிக்கும்.

கோமளவல்லியையே எடுத்துக்கொள்வோம். முழுப்பெயரையும் எழுதியதும் மேலே வரும் பரிந்துரைப் பட்டையைப் பாருங்கள். சரியான வடிவம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்தால் தட்டிவிடலாம். இல்லையென்றால் அதையே மறுபடி அப்படியே எழுதிப் பயனில்லை, அதே ஊகம்தான் திரும்ப வரும். அழித்துவிட்டு 'கோமள' மட்டும் எழுதுங்கள். 'கோமன' என்று வந்தால் ள-வின் வலப்பக்கக் கால் உருண்டுவிட்டது என்று பொருள். மேலே தட்டையாகப் போய் மூலை திருப்பி நேரே கீழே இறக்குங்கள். பிறகு 'வல்லி'. நடுவே இடைவெளி தானாக விழுந்திருந்தால் அதை நீக்கி இரண்டையும் சேர்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மட்டும் பிடிவாதமாக மாறி வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பூகோள விசையைத் தட்டி அந்த ஒரு எழுத்தை விசைப்பலகையில் போட்டுவிடுங்கள்.

வடிவத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் சிறிய உறுப்புகளில்தான். தாளில் பேனா முனை தெரியும். திரையில் விரல் நுனியே கோட்டை மறைத்துவிடுகிறது. எழுத்து சிறிதானால் ே-யின் மேல்சுழி அடைபட்டு ெ ஆகிவிடும், ீ-யின் சுழி அடைபட்டு ி ஆகிவிடும். பலகையின் உயரத்தில் பாதிக்கு மேல் எழுத்து நிற்கட்டும், சுழிக்குள் வெளிச்சம் தெரியட்டும். புள்ளியை அந்த மெய்யை எழுதியவுடனே வையுங்கள். தாளில் செய்வதுபோல் சொல்லை முடித்துவிட்டுத் திரும்பி வந்து எல்லாப் புள்ளிகளையும் வைத்தால், எந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு என்பதில் குழப்பம் வரும். லேசான ஒரு தட்டல் பதியாமலே போகலாம். விரலைச் சற்று அசைத்துச் சிறு கோடாகவோ வட்டமாகவோ வைப்பது பாதுகாப்பு.

லை, ணை, னை போன்றவற்றைத் துதிக்கை போட்டுப் பழைய முறையில் எழுதுபவர்கள் இங்கே 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். ை தனியாக முன்னே வர, எழுத்து பின்னே வரட்டும்.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது, கண்ணுக்குத் தெரியாத பிழைக்கு. துணைக்காலும் ர-வும் பல எழுத்துருக்களில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். 'கோ' என்று நீங்கள் எழுதியது 'கேர' என்று பதிந்திருந்தால் அவசரத்தில் கண்டுபிடிக்க முடியாது. படிப்பவருக்குச் சரியாகத் தெரியும்; கணினிக்கு அது வேறு சொல். தேடினால் வராது, அகரவரிசையிலும் வேறிடத்தில் போய் நிற்கும். 'கௌசல்யா'வில் வரும் ௌ-வின் வலப்பகுதியும் இப்படித்தான். அது ள-வாகப் பதிந்து 'கெளசல்யா' ஆகிவிடும். எழுதும்போதே ர-வுக்குக் கீழே சாய்ந்த வாலை இழுத்துக் காட்டுங்கள், துணைக்காலை வரியோடு நேராக நிறுத்துங்கள்.

பதிந்தபின் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இடச்சுட்டியை அந்த எழுத்தின் நடுவே கொண்டுபோக முயலுங்கள். இடைவெளி விசைமேல் விரலை மெதுவாக இடம் வலமாக நகர்த்தினால் சுட்டி ஒவ்வோர் எழுத்தாக நகரும். 'கோ' சரியாகப் பதிந்திருந்தால் அது ஒரே எழுத்து. சுட்டி முழுவதையும் ஒரே தாவலில் தாண்டிவிடும். 'கே'வுக்கும் 'ர'வுக்கும் நடுவே சுட்டி நின்றால் அங்கே பிழை இருக்கிறது. 'கௌ'வுக்கும் இதே சோதனைதான்.

ஒருமுறை சரிபார்த்த பெயரை மறுபடி மறுபடி எழுதத் தேவையில்லை. நகலெடுத்து, Gboard-இன் கிளிப்போர்டில் அதன்மேல் நீண்ட நேரம் அழுத்தி, Pin என்பதைத் தட்டி நிலையாக நிறுத்திவையுங்கள். Pin செய்யாதது ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். Pin செய்தது அடுத்த படிவத்துக்கும் அதே எழுத்துகளோடு காத்திருக்கும்.