பார்வைகளின் வட்டம் சொல்லாத கணக்கு

யூடியூப் சேனல் நடத்துபவர்கள் அடிக்கடி பார்க்கும் படங்களில் ஒன்று, பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் படம். யூடியூப் ஸ்டுடியோவின் அனலிடிக்ஸில் `Traffic source` என்ற பெயரில் இருக்கும். தேடலில் இத்தனை சதவீதம், பரிந்துரையில் இத்தனை, வெளித்தளங்களிலிருந்து இத்தனை என்று பிரித்துக் காட்டும். அதைப் பார்த்ததும் பலர் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: எது பெரிசோ அதில் இன்னும் உழைப்போம். பெரும்பாலும் இது தவறான முடிவு. ஏன் என்பதை ஓர் உதாரணக் கணக்கின் வழியாகப் பார்க்கலாம்.

சைக்கிள் பழுதுபார்க்கும் ஒரு சேனல் என்று வைத்துக்கொள்வோம். செயின் மாற்றுவது எப்படி என்று 8 நிமிட வீடியோ போட்டிருக்கிறார்கள். 28 நாளில் மூன்று முக்கிய வழிகளிலிருந்து 7,900 பார்வைகள். அதில் வெளி இணைப்புகள் மூலம் 4,000, யூடியூப் தேடலில் 2,400, பரிந்துரை வீடியோக்களாக 1,500. பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அப்படியென்றால் இணைப்பை இன்னும் பத்துக் குழுக்களில் பகிரலாமே என்று தோன்றும்.

இப்போது அதே அட்டவணையில் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு நெடுவரிசையைப் பாருங்கள்: `Average view duration`. ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது. வெளியிலிருந்து வந்தவர்கள் 45 வினாடி. தேடி வந்தவர்கள் 3 நிமிடம் 20 வினாடி. பரிந்துரையில் வந்தவர்கள் 4 நிமிடம். பார்வைகளை இதோடு பெருக்கினால் வெளி வழியில் மொத்தம் 50 மணி நேரம், தேடலில் 133, பரிந்துரையில் 100. பார்வைகளில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்ட வழி, பார்த்த நேரத்தில் 18 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நேரத்தை ஏன் இப்படிக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்? யூடியூப் 2012-இல் தன் பரிந்துரை முறையை வெறும் பார்வை எண்ணிக்கையிலிருந்து பார்த்த நேரத்துக்கு மாற்றியது. எண்ணிக்கையை மட்டும் வைத்தால், கவர்ச்சியான படத்தைப் போட்டு ஏமாற்றும் வீடியோக்கள்தான் மேலே வந்தன. அதன் பிறகு வேறு பல அளவுகளும் சேர்ந்துவிட்டன, ஆனாலும் பார்த்த நேரம் இன்றும் முக்கியமான அடையாளம். சேனல்காரர் நிலையிலிருந்து பார்த்தாலும் அதே நியாயம்தான். 45 வினாடியில் போனவருக்குச் செயின் மாற்றத் தெரிந்திருக்காது.

சரி, அப்படியென்றால் வெளி வழியை விட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். அந்த வரியைச் சொடுக்கினால் உள்ளே தளவாரியாகப் பட்டியல் விரியும். நம் உதாரணத்தில் 4,000 பார்வைகள் இப்படிப் பிரிகின்றன: சமூக வலைத்தளங்களிலும் அரட்டைச் செயலிகளிலும் பகிர்ந்த இணைப்பு மூலம் 3,100, சராசரி 24 வினாடி. கூகுள் தேடலிலிருந்து 600, சராசரி 1 நிமிடம் 50 வினாடி. சைக்கிள் பழுது பற்றி எழுதும் ஒரு தளம் தன் கட்டுரைக்குள் வீடியோவைப் பொதித்திருக்கிறது, அதிலிருந்து 300, சராசரி 2 நிமிடம் 12 வினாடி.

கூகுள் தேடல் 'வெளி' என்ற கணக்கில் வருவது பலருக்குத் தெரிவதில்லை. யூடியூபுக்குள் தேடினால்தான் அது தேடல். கூகுளில் தேடி வந்தால் அது வெளியிலிருந்து வந்ததாகவே பதிவாகும். அதனால் வெளி இணைப்பு என்ற ஒரே தலைப்புக்குள் தற்செயலாகக் கண்ணில் பட்டு வந்தவர்களும், தேவை இருந்து தேடி வந்தவர்களும் கலந்து கிடக்கிறார்கள். 45 வினாடி என்ற சராசரி இவர்களில் யாரையுமே காட்டவில்லை. பகிர்ந்து வந்த 3,100 பேர் அளவுக்கு எண்ணிக்கை இல்லாவிட்டாலும், அந்தப் பழுதுத் தளத்தின் 300 பேரில் ஒவ்வொருவரும் அவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் நேரம் தருகிறார்கள். 300 என்பது சின்ன எண்தான், சிலர் முழுசாகப் பார்த்தாலே சராசரி ஏறிவிடும். அதனால் அதை உறுதியான தீர்ப்பாக எடுக்காமல், அடுத்த மாதமும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து பலர் மாட்டிக்கொள்ளும் இடம் `Impressions click-through rate`. சிறுபடம் கண்ணில் பட்டவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது. சிறுபடத்தின் பாதியாவது திரையில் ஒரு வினாடிக்கு மேல் தெரிந்தால்தான் அது ஒரு காட்சியாகக் கணக்கில் சேரும். பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. நம் வீடியோவுக்குத் தேடலில் 24,000 காட்சிகள், 10 சதவீதம். பரிந்துரையில் 30,000 காட்சிகள், 5 சதவீதம். வெளித்தளங்களில் காட்டப்படும் சிறுபடங்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை, எனவே வெளி வழிக்கு இந்த எண்ணே கிடையாது.

தேடல் பரிந்துரையைவிட இரண்டு மடங்கு நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. தேடியவர் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறார், சொடுக்குவது இயல்பு. பரிந்துரையில் சிறுபடம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவரின் ஓரக்கண்ணில் படுகிறது. இரண்டு வழிகளின் விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, ஒவ்வொன்றையும் அதன் சென்ற மாத விகிதத்தோடு ஒப்பிடுவதே சரி. இன்னொன்றும் உண்டு. யூடியூப் ஒரு வீடியோவைப் புதியவர்களுக்கு அதிகமாகக் காட்ட ஆரம்பித்தால், சொடுக்கு விகிதம் இறங்கும். இறங்கினாலும் காட்சிகளும் பார்த்த நேரமும் ஏறிக்கொண்டே போனால் அது நல்ல செய்தி. அந்த நேரத்தில் பதறிப்போய்ச் சிறுபடத்தை மாற்றுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இப்போதுதான் முக்கியமான கேள்வி. எந்த வழி சராசரியாக நல்லது என்பது அல்ல, அங்கே இன்னும் ஒரு நாள் உழைத்தால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதே நாம் கேட்க வேண்டியது. தேடலில் வாரத்துக்குச் சுமார் 6,000 காட்சிகள், நான்கு வாரமும் அதே அளவு. வீடியோ ஏற்கெனவே முதல் சில முடிவுகளுக்குள் இருக்கிறது. அப்படியென்றால் 'செயின் மாற்றுவது எப்படி' என்று கேட்பவர்கள் உலகத்தில் அவ்வளவு பேர்தான். தலைப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் புதிதாகத் தேடுபவர்கள் பிறந்துவிட மாட்டார்கள். தேடலில் உச்சம் என்ற ஒன்று உண்டு, அதைத் தொட்டுவிட்டோமா என்பதைக் காட்சிகளின் சமதளம் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் தேடல் வரியைச் சொடுக்கினால் எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் வரும். அதில்தான் உண்மையான புதையல் இருக்கிறது. நம் வீடியோவுக்கு 'சைக்கிள் செயின் நழுவுது' என்று தேடியும் நிறையப் பேர் வருகிறார்கள், 50 வினாடியில் போய்விடுகிறார்கள். நியாயம்தானே, அவர்களுக்குச் செயினை மாற்றத் தேவையில்லாமல் இருக்கலாம், கியரைச் சரிசெய்தால் போதுமாக இருக்கலாம். அவர்கள் கேட்ட கேள்விக்கு இந்தச் சேனலில் பதில் இல்லை. இந்தப் பழைய வீடியோவின் தலைப்பில் அந்தச் சொல்லைச் செருகினால் ஏமாற்றம்தான் கூடும். தனி வீடியோ வேண்டும்.

பரிந்துரை வரியைத் திறந்தால் எந்தெந்த வீடியோக்களின் பக்கத்தில் நம்முடையது காட்டப்பட்டது என்று தெரியும். 1,500 பார்வைகளில் 900, இதே சேனலின் 'பின்சக்கரக் கியரைச் சுத்தம் செய்வது' என்ற வீடியோவிலிருந்து வந்தவை, சராசரி 5 நிமிடம். மீதி 600, பிறர் போட்ட சில நூறு வீடியோக்களில் இரண்டும் மூன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன, சராசரி 2 நிமிடம் 30 வினாடி. சிதறியதைக் குறிவைக்க வழியில்லை. 900 மட்டும் நம் கையில் இருப்பது. வீடியோவின் விளக்கத்தில் கொடுத்த இணைப்பைச் சொடுக்கி வந்தாலும் யூடியூப் அதைப் பரிந்துரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. அதாவது பரிந்துரை என்பது முழுக்க யூடியூபின் கருணை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அதில் ஒரு பகுதியைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த அட்டவணை ஒவ்வொரு பார்வைக்கும் கடைசியாக எந்த வாசலில் நுழைந்தார் என்பதை மட்டுமே எழுதுகிறது. பகிர்ந்த இணைப்பில் வந்தவர் செயின் வீடியோ முடிந்ததும் பக்கத்தில் இருந்த கியர் வீடியோவைப் பார்த்தால், முதல் பார்வை வெளிக் கணக்கு, இரண்டாவது பரிந்துரைக் கணக்கு. பத்து நாள் கழித்து முகப்புப் பக்கத்தில் பார்த்துச் சொடுக்கினால் அது இன்னொரு வரியில் போய்ச் சேரும். எனவே பகிர்வினால் கிடைத்த பயனில் ஒரு பகுதி வேறு வழிகளின் பெயரில் ஒளிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க அட்டவணையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை, நிறுத்திப் பார்ப்பதே வழி. இரண்டு வாரம் பகிர்வை முழுக்க நிறுத்திவிட்டு, மற்ற வரிகளின் பார்த்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். அவையும் சேர்ந்து இறங்கினால் பகிர்வு தன் வரியில் தெரிவதைவிட அதிகம் உழைத்திருக்கிறது. இறங்காவிட்டால் அந்த 3,100 பேர் வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு வாரத்தில் புது வீடியோ எதுவும் போடக்கூடாது, இல்லையென்றால் எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகும்.

வீடியோவின் வயதையும் மறந்துவிடக் கூடாது. பகிர்வு முதல் நாளில் கொட்டித் தீர்த்துவிடும், தேடல் மெல்ல மெல்ல ஊறி மாதக்கணக்கில் ஓடும். ஒரு வாரமான வீடியோவையும் ஒரு வருடமான வீடியோவையும் ஒரே அட்டவணையில் வைத்தால், வழிகளின் வித்தியாசத்துக்குப் பதிலாக வயதின் வித்தியாசத்தைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

இந்தச் சேனலுக்கு என் யோசனை இதுதான். முதல் வேலை, 'செயின் நழுவுது' வீடியோவைத் தனியாக எடுப்பது. அப்புறம் அதையும் செயின் வீடியோவையும் கியர் வீடியோவையும் விளக்கத்தில் மூன்று பக்கமும் இணைப்பது. குழுக்களில் பகிர்வதை முதல் நாளோடு நிறுத்தி, மிச்சமாகும் நேரத்தில் பழுதுத் தளம் போன்ற இரண்டு மூன்று தளங்களுக்கு எழுதி வீடியோவைப் பொதிக்கக் கேட்பது. 28 நாள் கழித்து மறுபடி அட்டவணையைத் திறக்கும்போது மொத்தப் பார்வை குறைந்திருக்கலாம், ஏனென்றால் அந்த 3,100-இல் பெரும்பகுதி இருக்காது. பார்க்க வேண்டிய எண் இரண்டு: தேடலில் புது வீடியோ கொண்டுவந்த மணி நேரம், பரிந்துரையில் சொந்த வீடியோக்களிலிருந்து முன்பைவிடக் கூடுதலாக வந்த மணி நேரம். இவை இரண்டும் சேர்ந்து, நிறுத்திய பகிர்வு தந்த சுமார் 21 மணி நேரத்தைத் தாண்டினால் இடமாற்றம் லாபம், தாண்டாவிட்டால் பகிர்வுக்கே திரும்பிவிடலாம்.