குலைக் காசு யாருக்கு? இன்டர்பிளீடர், கேவியட், ரிசீவர்: மூன்று நீதிமன்றக் கருவிகள்

அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு, சுங்கை சிப்புட் பக்கம் ஆறு ஏக்கர் செம்பனை நிலம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிராண்டில் அண்ணன் பெயர் மட்டும். சில ஆண்டுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. குலைகளை வாங்கும் லோரிக்காரரிடம் அண்ணன், "நிலம் என் பேர்ல இருக்கு, காசு முழுசும் எனக்குத்தான்" என்கிறார். பாதியைத் தரவில்லையென்றால் வழக்கு என்று தம்பியின் வழக்கறிஞர் கடிதம் அனுப்புகிறார். லோரிக்காரர் கையில் மூன்று மாதக் காசு 9,600 ரிங்கிட் இருக்கிறது.

இந்த ஒரு தகராறிலேயே மூன்று கருவிகளுக்கும் வேலை உண்டு. ஆனால் மூன்றும் ஒருவருக்கானவை அல்ல. எதை யார் எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதலில் லோரிக்காரர். அவர் கடன்பட்டவர்; யாருக்கு என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. தானே நியாயம் பார்த்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நாளை நீதிமன்றம் பாதி தம்பிக்கு என்று சொன்னால், அந்தப் பாதியைத் தன் கைக்காசிலிருந்து மறுபடி கட்ட வேண்டிவரும். இதற்குத்தான் இன்டர்பிளீடர். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் இது 17ஆவது ஆணையில் வருகிறது. ஒரே பணத்துக்கோ பொருளுக்கோ இரண்டு பேர் எதிரெதிராக உரிமை கோரி, அதற்காக ஒருவர் மீது வழக்கு வந்துவிட்டாலோ, வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தாலோ, அவர் நீதிமன்றத்தை நாடலாம். 1,00,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகை என்பதால் இங்கே மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும்.

வழக்கு இன்னும் தொடங்கவில்லையென்றால் ஒரிஜினேட்டிங் சம்மன்ஸ் மூலம் மனு போட வேண்டும். ஏற்கெனவே ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தால், அந்த வழக்குக்குள்ளேயே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம். அதில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: செலவுத் தொகையைத் தவிர இந்தப் பணத்தில் எனக்கு உரிமை எதுவும் இல்லை, இருவரில் எவரோடும் நான் கூட்டுச் சேரவில்லை, பணத்தை நீதிமன்றத்தில் கட்டவோ நீதிமன்றம் சொல்கிறபடி ஒப்படைக்கவோ நான் தயார். அதன்பின் நீதிமன்றம் இருவரையும் அழைக்கிறது. வழக்கை அவர்கள் இருவருக்கும் இடையே நடத்தச் சொல்லிவிட்டு லோரிக்காரரை விடுவிக்கலாம். அழைத்தும் வராதவர், இனி அந்தப் பணத்துக்காக லோரிக்காரரைத் துரத்த முடியாதபடி உத்தரவும் போடலாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். தம்பி கேட்பது பாதி. ஆகவே தகராறு 4,800 ரிங்கிட்டுக்கு மட்டும்தான். மற்ற 4,800 அண்ணனுக்குரியது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதையும் பிடித்து வைத்தால் லோரிக்காரர் வீணாக இன்னொரு வழக்கை வாங்கிக்கொள்கிறார். அடுத்த சிக்கல் உரத்துக்காக லோரிக்காரர் அண்ணனுக்குக் கொடுத்திருந்த முன்பணம். அண்ணன் தனக்கு 2,000 ரிங்கிட் தர வேண்டும் என்று சொல்லி அதைத் தகராறுப் பணத்திலேயே கழித்துக்கொண்டால், "எனக்கு உரிமை இல்லை" என்ற உறுதிமொழி உடைந்துபோகும். அந்தக் கடனை அண்ணனிடம் தனியாகத்தான் வசூலிக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய தொகைக்கு வழக்கறிஞர் செலவு பெரிதாகத் தெரியும். அதனால் முதலில் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் அனுப்புவதே நல்லது: பணம் இவ்வளவு இருக்கிறது, இத்தனை நாளுக்குள் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் நீதிமன்றத்தில் கட்டிவிடுவேன். ஒருவருக்கு மட்டும் எழுதக் கூடாது. அது கூட்டுச் சேர்ந்தது போலத் தெரியும்.

இனி தம்பி. அவருடைய பயம் குலைக் காசு அல்ல. அண்ணன் நிலத்தையே விற்றுவிடுவாரோ என்பதுதான். அதற்குத் தேசிய நிலச் சட்டத்தின் 323ஆவது பிரிவின்படி தனியார் கேவியட் போடலாம். பாரம் 19பி, தன் உரிமைக்கான அடிப்படையைச் சொல்லும் சத்தியப் பிரமாணம், கட்டணம் மூன்றும் தேவை. கிராண்டின் தலைப்பை முதலில் பாருங்கள். கெரான் முக்கிம் என்றிருந்தால் மாவட்ட நில அலுவலகம். வெறும் கெரான் என்றிருந்தால் மாநிலப் பதிவகம். தவறான இடத்தில் நின்று திரும்புவதற்குள் நிலம் கைமாறிவிடலாம்.

கேவியட் இருக்கும்வரை பெயர் மாற்றமோ வங்கி அடமானமோ பதிவாகாது. ஆனால் குலை வெட்டுவதை அது தடுக்காது. ஆயுள் ஆறு ஆண்டு. நிலத்தில் உரிமை கோருபவருக்கே அது கிடைக்கும். நிலம் வாங்கப் பாதி பணம் போட்ட தம்பிக்கு அந்த அடிப்படை இருக்கிறது, வங்கிச் சீட்டுகள் இருந்தால். அண்ணனுக்கு 20,000 ரிங்கிட் கைமாற்றுக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. அது வெறும் கடன். காரணமில்லாமல் கேவியட் போட்டவர், அதனால் நஷ்டப்பட்டவருக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 329ஆவது பிரிவு சொல்கிறது.

பலர் தோற்பது அடுத்த கட்டத்தில். அண்ணன் கேவியட்டை நீக்கக் கேட்டு நில அலுவலகத்தில் விண்ணப்பித்தால், தம்பிக்கு நோட்டீஸ் வரும். இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்திலிருந்து நீட்டிப்பு உத்தரவு வாங்கிப் பதிவாளரிடம் சேர்க்காவிட்டால் கேவியட் தானாக விழுந்துவிடும். 19பியில் பழைய தோட்ட லயத்து முகவரி இருந்தால் நோட்டீஸ் வந்ததே தெரியாது. நீதிமன்றம் போனாலும், விசாரிக்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு என்று காட்டும் சுமை கேவியட் போட்டவருடையது. அப்போது நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1979இல் நம் நாட்டு வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. கேவியட்டைப் போட்டுவிட்டு வழக்கே தொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரை நீதிமன்றம் எளிதில் நம்பாது.

இந்தியக் காணொளிகளில் கேவியட் 90 நாள் என்று கேட்டிருப்பீர்கள். அது இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவு. தன்னைக் கேட்காமல் எதிராளிக்கு உத்தரவு கொடுக்காதே என்று நீதிமன்றத்துக்குத் தரும் மனு. தமிழ்நாட்டில் வழக்கு இருப்பவருக்கு அது உதவும். இங்குள்ள நிலத்துக்கு அதைப் பார்த்து எழுதக் கூடாது.

கடைசியாக ரிசீவர். இருவரும் ஒருவர் ஆளை மற்றவர் விரட்டி, குலை வெட்டு நின்றுபோகிறது. செம்பனையைப் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். அடுத்தடுத்து சுற்றுகள் தவறி, உதிர்ந்த பழம் மரத்தடியில் அழுகிக் கிடக்கிறது என்றால், தீர்ப்பு வருவதற்குள் பங்கு போட வருமானமே இருக்காது. அப்போது நடக்கும் வழக்கில், 30ஆவது ஆணையின்படி ரிசீவர் கேட்கலாம். நீதிமன்றம் நியமிக்கும் நடுநிலையாளர் குலை வெட்டவைத்து, காசு வாங்கி, கூலி, உரம், நில வரி கட்டி, கணக்கு ஒப்படைப்பார். அவரிடம் ஈட்டுறுதியும் கேட்கப்படலாம். அவரைத் தடுப்பது நீதிமன்ற அவமதிப்பு.

கேட்டவுடன் கிடைக்காது, அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. தேதி போட்ட படங்கள், லோரி எடைச் சீட்டுகள், முந்தைய மாதங்களோடு ஒப்பிட்ட எடை என்று நஷ்டத்தைக் காட்ட வேண்டும். ஆறு ஏக்கருக்கு மாதம் 3,200 ரிங்கிட் வருமானம் என்றால் ரிசீவரின் ஊதியமே அதில் கணிசமாகத் தின்றுவிடும். இந்த அளவு நிலத்துக்கு, ஒரே குத்தகை வெட்டுக்காரர், காசு இரு வழக்கறிஞர்களின் கூட்டுக் கணக்குக்கு என்று சம்மத உத்தரவு வாங்குவதையே முதலில் முயல வேண்டும். அண்ணன் அதற்கும் மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தை ரிசீவர் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.