முன்னோடியா, முன்பொருளா?

பெரம்பூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய். அவருடைய மகன் வாங்கி வந்த சத்துமாவு டப்பாவோடு ஒரு துண்டறிக்கை இருந்தது. 'இதில் உள்ள டைரோசின், டோபமைனின் முன்னோடி' என்று அதில் போட்டிருந்தார்கள். நரம்பணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன்; இந்த நோயில் மூளையில் குறைவது அதுதான். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "முன்னோடின்னா என்னப்பா? இது முன்னால ஓடிப்போய் டோபமைனைக் கையோட கூட்டிக்கிட்டு வருமா?"

கிண்டல்தான். ஆனால் சொற்பிறப்புப்படி அவர் சொன்னது சரி. ஆங்கிலத்தில் 'பிரிகர்சர்' என்று வழங்கும் சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'முன்னே ஓடுபவர்' என்றே பொருள். அதை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துத்தான் 'முன்னோடி' என்கிறோம். சிக்கல் என்னவென்றால், தமிழில் முன்னோடி என்பவர் வழிகாட்டி. பின்னால் வருபவர் வந்த பிறகும் அவர் அவராகவே நிற்பார். வேதியியலில் அப்படி இல்லை. பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் நெய்யாகிறது. நெய் வந்தபின் அதில் பாலைத் தேட முடியாது. பால் நெய்க்கு முன்னோடி அல்ல, முன்பொருள். டைரோசினுக்கும் அந்தச் சொல்லே பொருந்தும் என்பது என் கட்சி.

பால் உவமை சும்மா வரவில்லை. 1846இல் ஜெர்மானிய வேதியியலர் லீபிக், பாலாடைக்கட்டியின் புரதத்திலிருந்து இந்த அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கத்தில் 'டைரோஸ்' என்றால் பாலாடைக்கட்டி; பெயர் அங்கிருந்து வந்தது.

இனி மாற்றம். டைரோசின் மூலக்கூறில் ஒரு வளையம் உண்டு, அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தொங்கும். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அதன் பக்கத்தில் இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்தால் அது டோபா. டை ஆக்சி ஃபீனைல் அலனின் என்ற நீண்ட பெயரைச் சுருக்கியதில் பிறந்த சொல் இது. அடுத்து டீகார்பாக்சிலேஸ் என்ற நொதி, பி6 வைட்டமினின் துணையோடு, டோபாவின் அமிலப் பகுதியைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிடும். மிஞ்சுவது டோபமைன். சில நரம்பணுக்களில் வேலை இத்தோடு முடிகிறது. வேறு சிலவற்றில் டோபமைன் ஒரு சிறுபைக்குள் போகும். அங்கே செம்பையும் வைட்டமின் சியையும் வைத்து இயங்கும் நொதி ஒன்று, வளையத்தில் அல்லாமல் வாலில், இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்து நார் அட்ரினலின் ஆக்கும். அதன் நைட்ரஜன் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஏறினால் அட்ரினலின். இந்தக் கடைசிப் படி பெரும்பாலும் நடப்பது சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில்.

அந்தச் சுரப்பிக்குத் தமிழில் அண்ணீரகம் என்று பெயர். அருகே என்ற பொருளில் 'அண்', அதோடு நீரகம். லத்தீனிலும் 'அட்' என்றால் அருகே, 'ரீனல்' என்றால் சிறுநீரகம் சார்ந்தது. கலைச்சொல் இப்படி வாய்ப்பது அபூர்வம். டோபமைன் போன்ற சேதிப்பொருள்களுக்கு வைத்த 'நரம்புக்கடத்தி' என்பதைக் கேட்டால் எனக்கு இன்னும் துறைமுகத்தில் சுங்கத்துறை நிற்பதுதான் கண்முன் வருகிறது.

நான்கு படிகளில் பெரியப்பாவின் கேள்விக்கு விடை முதல் படியில் இருக்கிறது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ்தான் இந்த வரிசையின் மடை. மூளையில் அதற்கு வேண்டிய டைரோசின் வழக்கமாகவே ஏறக்குறைய நிரம்பக் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, டோபமைன் சேர்ந்தால் அதுவே மடையை இறுக்கும். ஆகவே வாய்க்காலில் மேலும் தண்ணீர் விட்டாலும் வயலுக்குப் போவது அவ்வளவாகக் கூடாது.

டிரிப்டோஃபான் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் கதை வேறு. கணையச் சாற்றின் நொதியான டிரிப்சின் புரதத்தைச் செரிக்கும்போது தோன்றியது என்பதால் அந்தப் பெயர். 1901இல் ஹாப்கின்ஸும் கோலும் அதைத் தனியே பிரித்தார்கள். டிரிப்டோஃபான் ஹைட்ராக்சிலேஸ் அதில் ஒரு ஹைட்ராக்சிலை ஏற்றும். பிறகு வருவது டோபாவைக் கையாண்ட அதே டீகார்பாக்சிலேஸ், முடிவில் செரட்டோனின் என்ற இன்னொரு நரம்புக்கடத்தி. இங்கே மடை முழுதும் நிரம்புவதில்லை. அதனால் மூளைக்குள் நுழையும் டிரிப்டோஃபான் கூடினால் செரட்டோனினும் ஓரளவு கூடும். ஆனால் நுழைவது எளிதல்ல. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள வாயிலில் டிரிப்டோஃபான், டைரோசின், லியூசின் போன்ற பெரிய அமினோ அமிலங்கள் எல்லாம் ஒரே வண்டிக்கு வரிசையில் நிற்கின்றன. புரத உணவில் டிரிப்டோஃபான்தான் சொற்பம். புரதம் நிறையச் சாப்பிட்டால் அது வரிசையில் பின்தங்கிப் போகலாம். வாழைப்பழத்தில் செரட்டோனினே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் செரட்டோனினுக்கு அந்த வண்டியில் இடமே கிடையாது.

டோபமைனுக்கும் கிடையாது. நடுக்குவாதத்தில் நடுமூளையின் ஒரு கரும்பகுதியில் இருக்கும் டோபமைன் அணுக்கள் அழிகின்றன, அவற்றோடு மடை நொதியும் போகிறது. டைரோசின் கொடுத்தால் மாற்ற ஆளில்லை; டோபமைனைக் கொடுத்தால் உள்ளே போகாது. இடையில் இருக்கும் டோபாவுக்கு மட்டும் இரண்டு தடையும் இல்லை. வண்டி ஏறும், மடையைத் தாண்டிய பொருள், எஞ்சிய டீகார்பாக்சிலேஸ் அதை டோபமைன் ஆக்கிவிடும். மருந்தாகத் தரும் டோபாவுக்கு லெவோடோபா என்று பெயர்; அந்த மாத்திரையின் கணக்கு இதுதான்.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் பூனைக்காலி விதை விற்கிறார்களே, அதிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து தாமோதரனும் ராமசாமியும் 1937இல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை நடந்தது சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று உலகுக்குத் தெரிய இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

அப்படியானால் பூனைக்காலிப் பொடியே போதாதா? பெரியப்பாவின் அடுத்த கேள்வி அதுதான். டீகார்பாக்சிலேஸ் மூளையில் மட்டுமா இருக்கிறது? குடலிலும் ஈரலிலும் இருக்கிறது. தனியாக விழுங்கிய டோபாவில் பெரும்பகுதி அங்கேயே டோபமைன் ஆகிவிடும். மூளைக்குச் சேர்வது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. வழியில் உண்டான டோபமைனால் குமட்டல் வரும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அதனால்தான் அவருடைய மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவோடு 25 மில்லிகிராம் கார்பிடோபா இருக்கிறது. பெயரில் 'டோபா' இருந்தாலும் கார்பிடோபா எதற்கும் முன்பொருள் அல்ல. அது வெளியில் உள்ள டீகார்பாக்சிலேஸை மடக்கி வைக்கும். தான் மூளைக்குள் போகாததால் அங்குள்ள நொதியைத் தொடாது. பொடியில் இந்தக் காவல் இல்லை, விதைக்கு விதை டோபாவின் அளவும் மாறும். மாத்திரையோடு சேர்த்து அதையும் தின்றால் கை கால் தானாக நெளியத் தொடங்கலாம்.

பெரியப்பாவுக்கு இப்போது ஒரே குறை. மத்தியான மாத்திரை சில நாள் சட்டென்று பிடிக்கிறது, சில நாள் ஒரு மணி நேரம் ஆகியும் கை ஆட்டம் நிற்பதில்லை. பெரியம்மா நாட்காட்டியில் குறித்து வைத்ததைப் பார்த்தோம். பிடிக்காத நாளெல்லாம் சுண்டலோ மீனோ சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்ட நாள். டோபாவும் அதே வண்டி வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பதை டாக்டரும் சொன்னார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்லியிருக்கிறார். சத்துமாவு டப்பா இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. துண்டறிக்கையில் 'முன்னோடி' என்ற சொல்லைப் பெரியப்பா பேனாவால் அடித்து வைத்திருக்கிறார்.