லட்சம், நூறாயிரம், மில்லியன்: கொட்டேஷன்ல ஒரு கமா பண்ற வேலை

லட்சம்னா சமஸ்கிருத லக்ஷ, அதுல இருந்து வந்தது. லக்ஷ-ன்னா குறி, அடையாளம்னும் அர்த்தம் உண்டு, 1,00,000-ன்னும் அர்த்தம் உண்டு. தமிழ்ல அது இலக்கம்னு ஆச்சு, நம்ம இலக்கும் அந்த வழிதான். இதுக்கு பழைய தமிழ்ச் சொல் நூறாயிரம். பெரியாழ்வார் "பல கோடி நூறாயிரம்"னு பாடினது ஞாபகம் இருக்கும். சொல்லைப் பார்த்தாலே நூறு ஆயிரம்னு கணக்கு தெரியுது, எனக்கு அதனாலயே இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

மில்லியன் இத்தாலியில இருந்து வந்தது, மில்லேன்னா ஆயிரம், மிலியோனேன்னா பெரிய ஆயிரம், அதாவது ஆயிரம் ஆயிரம். நம்ம கணக்குல பத்து லட்சம். பத்து மில்லியன் ஒரு கோடி, ஒரு பில்லியன் நூறு கோடி.

இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதானேன்னு தோணும், ஆனா குழப்பம் சொல்லுல இல்ல, கமாவுல இருக்கு. நமக்கு ஆயிரத்துக்கு மேல ஒவ்வொரு நூறு மடங்குக்கும் ஒரு பேரு, ஆயிரம், லட்சம், கோடி, அதனால ரெண்டு ரெண்டு இலக்கமா கமா போடுறோம். மில்லியன்ல எண்ணுறவங்களுக்கு ஆயிரம் மடங்குக்கு ஒரு பேரு, அதனால மூணு மூணா போடுறாங்க. அந்தப் பழக்கத்துல இருக்கிறவங்க கண்ணு இலக்கத்தை எண்ணாது, கமாவை எண்ணும், ஒரு கமான்னா ஆயிரம், ரெண்டு கமான்னா மில்லியன், மூணுன்னா பில்லியன். அப்போ நம்ம 12,50,000-ஐ பார்த்ததும் "பன்னண்டரை மில்லியன்"னு மனசுக்குள்ள படிச்சிடுவாங்க, பத்து மடங்கு கூடிப்போச்சு.

நான் எக்ஸ்போர்ட் செக்ஷன்ல இருந்தப்போ இது எங்களுக்கே நடந்துச்சு. கொழும்புல ஒரு பார்ட்டிக்கு பம்ப்செட் கொட்டேஷன், மொத்தம் `Rs. 12,50,000`-ன்னு போட்டு பிடிஎஃப்பா அனுப்பினோம். இலங்கையில பேச்சுல லட்சம்தான், ஆனா பேப்பர்ல, பேங்க்ல எல்லாம் மில்லியன், கமாவும் மூணு மூணுதான். அங்க கம்பேர் பண்ற ஷீட்ல 12.5 மில்லியன்னு ஏத்திட்டாங்க. அதோட `Rs.`-ன்னு மட்டும் இருந்ததால அவங்க ஊர் ரூபாய்னே எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு நம்ம ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் கிட்டத்தட்ட மூன்றரை, அப்போ உண்மையான விலை அவங்க காசுல 4.4 மில்லியன் பக்கம் வரணும். ஒரு தப்பு விலையைப் பத்து மடங்கு ஏத்துச்சு, இன்னொரு தப்பு அதை மூன்றரையால குறைச்சுச்சு, ரெண்டும் சேர்ந்து மூணு மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா நின்னுச்சு. அதுதான் வினையே, பத்து மடங்கா தெரிஞ்சிருந்தா யாராவது போன் பண்ணி "என்னங்க இது"ன்னு கேட்டிருப்பாங்க, மூணு மடங்குன்னதும் "இவங்க ரேட்டு ஜாஸ்தி"ன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க, எங்களுக்கு ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

பிடிஎஃப் ஆனதால நம்ம கமா அப்படியே அங்க போய் நின்னுச்சு. எக்செல் ஃபைலாவே போயிருந்தா `#,##0` ஃபார்மேட் எந்தக் கம்ப்யூட்டர்ல திறக்குறாங்களோ அந்த விண்டோஸ் செட்டிங்கைத்தான் பார்க்கும், அங்க `1,250,000`-ன்னு தெரிஞ்சிருக்கும். (உள்ளூர் ஆளுக்கு இது தலைகீழா கடிக்கும், செட்டிங் மாறின மெஷின்ல லட்சத்துக்கு அப்புறம் வர வேண்டிய கமா இல்லாம தடுமாறுவோம்.) அதுக்கப்புறம் வெளிநாட்டு கொட்டேஷன்ல டோட்டல் லைன் இப்படித்தான் போடுவோம்:

```
INR 1,250,000.00 = 1.25 million
```

`Rs.` இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ்னு எல்லாருக்கும் பொது, அதனால `INR`, `LKR`-ன்னு மூணெழுத்து கோட் கட்டாயம். ஜெர்மன்காரங்களுக்கு அனுப்பினா இன்னும் ஒரு சிக்கல், அங்க புள்ளிதான் ஆயிரம் பிரிக்கும், கமாதான் தசமம், `1.250`-ன்னு எழுதினா ஆயிரத்து இருநூத்தம்பது. தேதியும் இதே கதைதான், வேலிடிட்டி `03/04/2025`-ன்னா நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரங்களுக்கு மார்ச் 4, மாசத்தை எழுத்துலயே போட்டுடுங்க.

சரி, தமிழ்ல எதை எழுதுறது? தமிழ்நாட்டு ஆளுக்கு மில்லியன்னு வந்தா பத்து லட்சமா மாத்தி எழுதுங்க, 2.5 மில்லியன்னா 25 லட்சம், அவசரத்துல "இரண்டரை லட்சம்"னு மொழிபெயர்த்ததை நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கேன். நூறாயிரம் கட்டுரையில அழகா நிக்கும், புரியவும் புரியும். இலக்கம்ங்கிற சொல்லை மட்டும் லட்சத்துக்குப் போடாதீங்க, இலங்கையில தொலைபேசி இலக்கம்னா நம்பர், "12 இலக்கம்"னு எழுதினா அங்க ஏதோ நம்பர்னு நினைச்சுக்குவாங்க.