ஓடிவந்து காத்திருந்த கப்பல்

சூளூர்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. என் தொழில் என்னவென்று எவர் கேட்டாலும் 'கப்பல் இன்ஜின் டாக்டர்' என்றுதான் சொல்வேன். இருபது வருடம் கப்பலில் ஓடிவிட்டு, இப்போது சரக்குக் கப்பல்களைப் பரிசோதிக்கும் வேலை. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி, வடக்கே கிருஷ்ணப்பட்டினம் என்று அழைப்பு எங்கிருந்தும் வரும். கீழே சொல்லப்போகிற கப்பல் எங்கே நின்றது என்பது வேண்டாம்.

இந்தோனேசிய நிலக்கரி ஏற்றி வந்த, 56,000 டன் கொள்ளளவுள்ள கப்பல் அது. 13 நாட், அதாவது மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் எட்டே நாளில் வந்து சேர்ந்து, வெளித்துறையில் நங்கூரம் போட்டு பதினோரு நாள் நின்றது. நான் ஏறிய அன்று சீஃப் இன்ஜினியர் ஒரு தாளை நீட்டினார். திருநெல்வேலிப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சார், போன வருஷம் எங்களுக்கு 'இ' கொடுத்துட்டாங்க. இன்ஜின்ல ஒரு குறையும் இல்லையே?"

இன்ஜினில் குறை இல்லைதான். இந்த மதிப்பெண் இன்ஜினுக்குத் தருவதில்லை, ஒரு வருடம் கப்பலை எப்படி ஓட்டினார்கள் என்பதற்குத் தருவது.

ஐஎம்ஓ என்ற பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023 ஜனவரியில் சிஐஐ என்ற கரிமத் தீவிர அளவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 5,000 மொத்த டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது பொருந்தும். கணக்கு எளிது. வருடம் முழுக்க எரித்த எரிபொருளிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடை, கப்பலின் கொள்ளளவையும் ஓடிய கடல் மைல்களையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை கிராமில் வரும். அந்த வகை, அந்த அளவுக் கப்பலுக்கு என்று ஒரு வரம்பு உண்டு. அதோடு ஒப்பிட்டு, சிறந்ததற்கு 'ஏ' முதல் கடைசிக்கு 'இ' வரை தருவார்கள். மூன்று வருடம் தொடர்ந்து 'டி', அல்லது ஒரே வருடம் 'இ' வாங்கினால், எப்படிச் சரிசெய்வோம் என்ற திட்டத்தை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

சீஃபின் அறையில் உட்கார்ந்து 2024ஐ மறுபடி போட்டுப் பார்த்தோம். கடலில் 180 நாள், நாளுக்கு 312 மைல், மொத்தம் 56,160 மைல். ஓடும் நாளில் ஜெனரேட்டரையும் சேர்த்து 30 டன் எரிபொருள். மீதி 186 நாள் துறைமுகத்திலும் நங்கூரத்திலும். நின்றாலும் ஜெனரேட்டரும் கிரேனும் நாளுக்கு மூன்றரை டன் தின்கின்றன. ஆக மொத்தம் சுமார் 6,050 டன். கனரக எண்ணெய்க்கு ஒரு டன்னுக்கு 3.114 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால் விடை 5.99 கிராம். அந்த வருடம் இந்த அளவுக் கப்பலுக்கு 5.80 தாண்டினாலே 'இ'.

அப்புறம் அதே மைல்களை 11.5 நாட் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். வேகம் கொஞ்சம் குறைந்தால் இன்ஜினின் தேவை ஏறக்குறைய அதன் மும்மடிப் பெருக்கத்தில் இறங்கும். எனவே 30 டன் என்பது 21.5 டன் ஆகிறது. கடலில் 204 நாள் ஆகும், நிற்கும் நாள் 162 ஆகக் குறையும். மொத்தம் சுமார் 4,950 டன், விடை 4.9. அது 'சி'. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை, 1,100 டன் எண்ணெய் மிச்சம். காத்திருந்த நாட்களில் ஒரு பங்கைப் பயண நாட்களாக மாற்றியதுதான் நாங்கள் செய்த ஒரே மாற்றம்.

சீஃப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கேப்டன் ஏன் சார் 13ல ஓட்டினார்?"

கேப்டனைக் குறை சொல்ல முடியாது. பல துறைமுகங்களில் யார் முதலில் வந்து 'தயார்' என்று நோட்டீஸ் கொடுக்கிறாரோ அவருக்கே முதலில் இடம். மெதுவாக வந்தால் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். வாடகை ஒப்பந்தத்திலும் தாமதமின்றி விரைந்து செல்ல வேண்டும் என்று பழைய வரி இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காலவாடகைக்கு விட்ட கப்பலுக்கு எண்ணெய் வாங்குவதும் வேகத்தைச் சொல்வதும் அதை வாடகைக்கு எடுத்த சார்ட்டரர். மதிப்பெண் விழுவது உரிமையாளர் தலையில். இதற்காகத்தான் பிம்கோ என்ற பன்னாட்டுக் கப்பல் தொழில் சங்கம் 2022இல் காலவாடகை ஒப்பந்தங்களுக்கு ஒரு சிஐஐ ஷரத்தை வெளியிட்டது. அதைச் சேர்த்தால், கணக்கு இலக்கைத் தாண்டும் என்று தெரியும்போது வேகத்தைப் பற்றி உரிமையாளரும் பேசலாம். வங்கிகளும் காப்பீட்டுக்காரர்களும் இப்போது இந்த எழுத்தைக் கேட்கிறார்கள். அபராதம் இல்லாத விதி ஒன்று கப்பலை மெதுவாக்குகிறது என்றால் காரணம் இந்தக் கேள்விதான்.

வரம்பும் அசையாமல் நிற்பதில்லை. 2019ஐ அடிப்படையாகக் கொண்டு 2024க்கு 7 சதவீதம், 2026க்கு 11 சதவீதம் குறைக்க வேண்டும். 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி 2027க்கு 13.625, 2030க்கு 21.5. எங்கள் 4.9ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2026 வரை 'சி', 2027இல் எதையும் மாற்றாமலே 'டி'.

அளவுகோலிலேயே ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பது கொள்ளளவால், ஏற்றிய சரக்கால் அல்ல. காலியாக ஓடுகிற கப்பலும் முழுச் சரக்கோடு போனதாகவே கணக்கு, அதுவும் குறைந்த எண்ணெயில். நங்கூரத்தில் கிடக்கும்போது மைல் பூஜ்யம், எரிபொருள் மட்டும் ஏறும். வெளித்துறையில் ஒரு மாதம் நின்ற கப்பலுக்கு ஒரே வழி சும்மா வட்டமடித்து மைல் சேர்ப்பதுதானா என்று ஒரு கேப்டன் என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கணக்குப்படி அது தவறான யோசனையும் அல்ல.

மெதுவாக ஓட்டுவது இன்ஜினுக்கு இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். சுமை குறைந்தால் டர்போசார்ஜர் போதிய காற்று தராது, துணை ஊதுவான் ஓடவேண்டி வரும். அது விட்டுவிட்டு ஓடத் தொடங்கினாலே சுமை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று அர்த்தம். எரியாத கரி, சிலிண்டருக்குக் காற்று போகும் ஸ்கேவஞ்ச் அறையிலும் புகைபோக்கிக் கொதிகலனின் குழாய்களிலும் படியும். அங்கே தீப்பிடித்த கதைகள் உண்டு. எனவே தினமும் கொஞ்ச நேரம் சுமையை ஏற்றிக் கரியை ஊதித் தள்ள வேண்டும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, பழவேற்காடு பக்கத்துக் கடல் போன்ற வெதுவெதுப்பான நீரில் நெடுநாள் நின்றால் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். அதே வேகத்துக்கு எண்ணெய் கூடுகிறதே என்று நண்பகல் அறிக்கையில் தெரிந்தால், இன்ஜினைச் சந்தேகிக்கும் முன் முக்குளிப்பவரை இறக்கிப் பார்க்கச் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதி உரிமையாளருக்கு அனுப்பினோம். அவர் சார்ட்டரரிடம் பேசி, கரையில் கட்ட பெர்த் கிடைக்கும் நாள் முன்கூட்டித் தெரிந்தால் அந்த நாளுக்கு வந்தால் போதும், வரிசை இடம் போகாது என்று ஒப்புதல் வாங்கிவிட்டார். அடுத்த பயணத்தில் ஏஜெண்டின் தகவல் மலாக்கா நீரிணையிலேயே கிடைத்தது. கப்பல் 11 நாட் வேகத்தில் வந்தது, நங்கூரத்தில் நின்றது இரண்டு நாள். சீஃப் வாட்ஸ்அப்பில் ஸ்கேவஞ்ச் அறையின் படம் ஒன்று அனுப்பினார். இரண்டாம் சிலிண்டரில் கரி கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.